தலைவலிக்குப் போட்ட மாத்திரை... மூச்சை இறுக்கியது ஏன்? - ஒரு மருத்துவக் கேள்வியும் அதற்கான விடையும்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. 'ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ராப்ரனோலால் ஏன் கொடுக்கக் கூடாது?' என்பதுதான் அது. ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால், ஒரு நோயாளியின் கதையாக விரித்துக் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது புரியும்.

மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் வகையிலேயே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கேள்வி இதுதான்

34 வயதுப் பெண். பள்ளி ஆசிரியை. மாதத்தில் ஐந்தாறு முறை ஒற்றைத் தலைவலி. வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தியும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் பரிசோதித்து மைக்ரேன் என்கிறார். தலைவலி வராமல் தடுக்க, தினமும் இரண்டு வேளை ப்ராப்ரனோலால் 40 மில்லிகிராம் எழுதித் தருகிறார். எழுதுவதற்கு முன்பு, ``ஆஸ்துமா, பி.பி, சுகர் ஏதாவது இருக்காம்மா?'' என்று கேட்கிறார்.

``இல்ல டாக்டர்'' என்கிறார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. சிறுவயதில் அவருக்கு 'வீசிங்' இருந்தது. இப்போதும் மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை நெஞ்சு இறுகும். கைப்பையில் இருக்கும் நீல நிற இன்ஹேலரை அடித்தால் சரியாகிவிடும். அவரைப் பொறுத்தவரை ஆஸ்துமா என்பது எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்கு வருவது. தனக்கு இருப்பது 'லேசான வீசிங்' மட்டும்தான்.

அன்றிரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போடுகிறார். ஒன்பதரை மணிக்கு இருமல் தொடங்குகிறது. பத்து மணிக்கு மூச்சை வெளியே விடும்போது நெஞ்சில் விசில் சத்தம். இன்ஹேலரில் இரண்டு பஃப் எடுக்கிறார். குறையவில்லை. பத்து நிமிடம் கழித்து மேலும் இரண்டு. பிறகு நான்கு. வழக்கமாக ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும் மருந்து, இன்று அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு மருத்துவமனை கேஷுவாலிட்டி. முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை. நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 90 சதவிகிதம் காட்டுகிறது. ஆனால், நாடித்துடிப்பு வெறும் 74.

டியூட்டி டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிற்கிறார். கணவரிடம் திரும்பி, ``புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா சார்?'' என்கிறார்.

``தலைவலி மாத்திரை மேடம். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சா.''

``அட்டையைக் காட்டுங்க.''

கதை இங்கே நிற்கிறது. மாணவர் சொல்லவேண்டிய பதில்கள் நான்கு. ஒன்று, இந்த மாத்திரை எப்படி மூச்சுத்திணறலைக் கொண்டுவந்தது? இரண்டு, வழக்கமாகக் கேட்கும் இன்ஹேலர் ஏன் கேட்கவில்லை? மூன்று, இப்போது எந்த மருந்து உதவும்? நான்கு, இவருக்கு மைக்ரேனுக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும்?

74 என்ற எண் சொல்லும் செய்தி

விடைக்குப் போகும் முன் அந்த நாடித்துடிப்பைப் பார்த்துவிடலாம். கேள்வியின் திறவுகோல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆஸ்துமா தீவிரமாகும்போது உடல் பதறுகிறது. அட்ரினலின் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தொட்டாலே தீவிர ஆஸ்துமாவின் அடையாளங்களில் ஒன்றாக அதை டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு இந்தப் பெண் எட்டு பஃப் சால்புடமால் எடுத்திருக்கிறார். அதுவும் படபடப்பைக் கூட்டும் மருந்துதான். அப்படியென்றால் நாடி 120, 130 என்று ஓடியிருக்க வேண்டும். 74-ல் நிதானமாக நிற்கிறது என்றால், இதயத்தை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் ஒரு தவறு நேரலாம். நாடி சாதாரணமாக இருப்பதைப் பார்த்து, 'பெரிய ஆபத்து இல்லை' என்று நினைத்துவிடலாம். இதுபோன்ற நோயாளியிடம் நாடித்துடிப்பு ஆபத்தின் அளவைக் காட்டாது, மறைக்கும். பேச முடிகிறதா, எத்தனை முறை மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் எவ்வளவு என்பவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதயம் ஒன்று, நுரையீரல் இரண்டு

இனி முதல் கேள்வி. பயம், கோபம், ஓட்டம் என்று எது வந்தாலும் சிறுநீரகத்துக்கு மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. ஒரே அட்ரினலின்தான். ஆனால், அது இதயத்தை வேகப்படுத்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் இறுக்கவும் இன்னோரிடத்தில் தளர்த்தவும் எப்படிச் செய்கிறது?

1948-ல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். செல்களின் மேல் அட்ரினலினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றுக்கு ஆல்பா, இன்னொன்றுக்கு பீட்டா என்று பெயர் வைத்தார். பிறகு 1967-ல், பீட்டாவிலேயே இரண்டு வகை உண்டு என்பது தெரியவந்தது. பீட்டா-1 பெரும்பாலும் இதயத்தில் இருக்கிறது. அட்ரினலின் அதில் அமர்ந்தால் இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கும். பீட்டா-2 மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையில் ஏராளமாக இருக்கிறது. அட்ரினலின் அதில் அமர்ந்தால் அந்தத் தசை தளர்ந்து, குழாய் விரியும்.

மாணவர்கள் இதை நினைவில் வைக்க ஒரு சுலப வழி உண்டு. மனிதருக்கு இதயம் ஒன்று, அங்கே பீட்டா-1. நுரையீரல் இரண்டு, அங்கே பீட்டா-2.

பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், ஆல்க்விஸ்டின் கருத்தைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் யோசித்தார். இதய ரத்தக்குழாய் அடைப்பால் நெஞ்சு வலிக்கும் நோயாளிகளுக்கு அதுவரை ரத்த ஓட்டத்தைக் கூட்டத்தான் எல்லோரும் மருந்து தேடினார்கள். பிளாக், இதயத்தின் வேலைச்சுமையைக் குறைத்தால் என்ன என்று கேட்டார். அட்ரினலின் உட்காரும் நாற்காலியில் வேறொன்றை உட்காரவைத்துவிட்டால், இதயம் அதன் விரட்டலிலிருந்து தப்பும். அப்படி 1960-களில் பிறந்ததுதான் ப்ராப்ரனோலால். இந்தப் பணிக்கும் வயிற்றுப்புண் மருந்துக்குமாக 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சுவலிக்காக ப்ராப்ரனோலால் எடுத்தவர்களில் சிலருக்கு மைக்ரேனும் குறைந்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். அப்படித்தான் அது தலைவலித் தடுப்பு மருந்தாகவும் ஆனது. கை நடுக்கம், தைராய்டு அதிகமாவதால் வரும் படபடப்பு, மேடை பயம் என்று இன்று அதன் பயன்கள் பல.

ஆனால், ப்ராப்ரனோலாலுக்கு நாற்காலி எண் பார்க்கத் தெரியாது. இதயத்தின் பீட்டா-1 நாற்காலியிலும் உட்காரும். மூச்சுக்குழாயின் பீட்டா-2 நாற்காலியிலும் அதே உரிமையோடு உட்காரும். உட்கார்ந்து எந்த வேலையும் செய்யாது. வேலை செய்ய வருகிறவரையும் விடாது. இப்படி ஆள் பார்க்காமல் இரண்டையும் அடைப்பவைதான் 'தேர்வுத்தன்மை இல்லாத பீட்டா தடுப்பான்கள்'. ப்ராப்ரனோலால், நடோலால், கண்சொட்டு மருந்தான டிமோலால், இதய நோய்க்குக் கொடுக்கப்படும் கார்வெடிலால் ஆகியவை இந்த வகை.

எல்லோருக்கும் ஏன் மூச்சு இறுகுவதில்லை?

இங்கே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ப்ராப்ரனோலால் எல்லோருடைய பீட்டா-2 ஏற்பிகளையும்தான் அடைக்கிறது. ஆனால், அதைச் சாப்பிடும் லட்சக்கணக்கானவர்கள் நன்றாகவே மூச்சு விடுகிறார்களே? நல்ல மாணவரையும் சுமாரான மாணவரையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான்.

மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குவது வேகஸ் என்ற நரம்பு. அது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து குழாயைச் சற்றே சுருக்கி வைத்திருக்கிறது. அதற்கு எதிராகத் தளர்த்தும் வேலைக்கு, மனிதரின் மூச்சுக்குழாய்த் தசைக்கு நேரடி நரம்பு அநேகமாக இல்லை. ரத்தத்தில் மிதந்து வரும் அட்ரினலின்தான் அந்த வேலையைச் செய்கிறது.

ஆரோக்கியமானவரின் மூச்சுக்குழாயில் இறுக்கும் விசை மிகக் குறைவு. அதனால் தளர்த்தும் விசையை எடுத்துவிட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது. சமதரையில் நிற்கும் வண்டியின் பிரேக்கை விட்டால் அது அங்கேயேதான் நிற்கும்.

ஆஸ்துமா உள்ளவரின் வண்டி சரிவில் நிற்கிறது. அவரது மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் லேசான அழற்சியில் இருக்கிறது. தசை சின்னத் தூண்டலுக்கும் சுருங்கத் தயாராக இருக்கிறது. வெளியில் தெரியாமல் அட்ரினலின் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை ப்ராப்ரனோலால் விடுவித்ததும் வண்டி உருளத் தொடங்குகிறது.

இன்னொரு அடியும் சேர்ந்து விழுகிறது. அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பு முனைகளிலும் பீட்டா-2 ஏற்பிகள் இருக்கின்றன. 'போதும், இனி சுரக்காதே' என்று அவைதான் சொல்லிக்கொண்டிருந்தன. அவையும் அடைபட்டால், இறுக்கும் ரசாயனம் கூடுதலாகச் சுரக்கிறது. தளர்த்துவது நிற்கிறது; இறுக்குவது கூடுகிறது.

குழாய் சுருங்கினால் விளைவு எவ்வளவு மோசமாகும் என்பதற்கு இயற்பியல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்காகிறது. ஒன்பதரைக்கு இருமலாக ஆரம்பித்தது, பதினொன்றரைக்குள் பேச முடியாத நிலைக்கு வந்தது அதனால்தான்.

நேரமும் பொருந்துகிறது. வாய்வழி எடுக்கும் ப்ராப்ரனோலால் ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது சுமார் ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில். எட்டு மணி மாத்திரை ஒன்பதரைக்குக் கைவரிசையைக் காட்டுகிறது. இரவில் உடலின் அட்ரினலின் அளவு இயல்பாகவே குறைவு என்பதும் கூட்டு சேர்ந்துகொள்கிறது.

'டோஸ் அதிகமாகிவிட்டதோ' என்று சிலர் நினைக்கலாம். 40 மில்லிகிராம் என்பது மைக்ரேனுக்கு வழக்கமான ஆரம்ப அளவுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவும் மூச்சை இறுக்கலாம். யாருக்கு எவ்வளவு இறுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. லேசான ஆஸ்துமா உள்ளவருக்கும் கடுமையாக வரலாம். பாதி மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்பது இங்கே பாதுகாப்பான வழி அல்ல. இந்த எச்சரிக்கை புதியதும் அல்ல. ப்ராப்ரனோலால் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சை இறுக்குகிறது என்று 1964-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது.

இன்ஹேலர் ஏன் கேட்கவில்லை?

இரண்டாவது கேள்விக்கான விடை இப்போது பாதி தெரிந்திருக்கும். நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புடமால், அட்ரினலினைப்போலவே பீட்டா-2 நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அந்த நாற்காலிகளில்தான் ஏற்கெனவே ப்ராப்ரனோலால் உட்கார்ந்திருக்கிறது. நோயைக் கொண்டுவந்த மருந்தே, அதற்கான முதலுதவியின் வாசலையும் அடைத்துவிட்டது. மற்ற மருந்துகளின் பக்கவிளைவிலிருந்து இதைத் தனியே பிரித்துப் பார்க்கவேண்டியதன் காரணம் இதுதான்.

ஆனால், ப்ராப்ரனோலால் நாற்காலியில் ஆணி அடித்து உட்காருவதில்லை. எழுந்து எழுந்து உட்காரும். சால்புடமாலை மிக அதிக எண்ணிக்கையில் அனுப்பினால், காலியாகும் நாற்காலியைப் போட்டி போட்டுப் பிடிக்க முடியும். வழக்கமான இரண்டு பஃப் அதற்குப் போதாது. மருத்துவமனையில் நெபுலைசர் மூலம் அதிக அளவில் திரும்பத் திரும்பக் கொடுப்பது இதற்காகவும்தான். வீட்டில் உட்கார்ந்து இன்ஹேலரை அடித்துக்கொண்டே நேரத்தை இழப்பது ஆபத்து.

வேறு வாசல் வழியாக...

மூன்றாவது கேள்வி, எந்த மருந்து உதவும் என்பது. ஒரு வாசல் அடைபட்டிருந்தால் வேறு வாசலைத் தேட வேண்டும். மூச்சுக்குழாயை இறுக்கிக்கொண்டிருப்பது அசிட்டைல்கோலின். அது உட்காரும் நாற்காலி வேறு. அதற்கும் பீட்டாவுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நாற்காலியை அடைக்கும் மருந்து இப்ராட்ரோபியம். ப்ராப்ரனோலால் அதைத் தடுக்க முடியாது. அதனால் இந்தக் கேள்வியில் 'இப்ராட்ரோபியம் நெபுலைசர்' என்று எழுதி, காரணத்தையும் எழுதுபவருக்கே முழு மதிப்பெண்.

கேஷுவாலிட்டியில் நடப்பதும் அதுதான். ஆக்ஸிஜன் ஏற்றுகிறார்கள். சால்புடமாலும் இப்ராட்ரோபியமும் சேர்ந்த நெபுலைசர் வைக்கிறார்கள். அழற்சியைக் குறைக்க ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அது வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். குறையவில்லை என்றால் மெக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதுவும் பீட்டா ஏற்பியின் தயவில்லாமல் தசையைத் தளர்த்தும் மருந்து.

நெபுலைசருக்குப் பிறகு விசில் சத்தம் குறைந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ப்ராப்ரனோலாலின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். நெபுலைசர் மருந்தின் வேலை முடிந்த பிறகும் மாத்திரை உள்ளே இருக்கலாம். எனவே, இரவு முழுக்கக் கண்காணிப்பு தேவை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் இன்னும் அதிக நேரம். டியூட்டி டாக்டர் மாத்திரை அட்டையைக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்டோப்ரொலால் கொடுத்திருக்கலாமா?

நான்காவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'தேர்வுத்தன்மை இல்லாதது கெடுதல் என்றால், பீட்டா-1-ஐ மட்டும் அடைக்கும் மெட்டோப்ரொலால் கொடுக்கலாம். அதுவும் மைக்ரேனைத் தடுக்குமே' என்று எழுதிவிடுவார்கள். மெட்டோப்ரொலால் மைக்ரேனைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனாலும், அந்த விடைக்குப் பாதி மதிப்பெண்தான்.

அட்டெனலால், மெட்டோப்ரொலால், பிசோப்ரொலால் போன்றவை பீட்டா-1-ஐ 'மட்டும்' அடைப்பவை அல்ல. பீட்டா-1-ஐ 'அதிகமாக' அடைப்பவை. டோஸ் கூடக்கூட அவையும் பீட்டா-2 பக்கம் சாயும். அதனால் முடிவு, எந்த நோய்க்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மாரடைப்பு வந்தவருக்கோ, இதயம் பலவீனமானவருக்கோ பீட்டா தடுப்பான் உயிர் காக்கும் மருந்தாக இருக்கலாம். அவருக்கு லேசான, கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவும் இருந்தால், இதய டாக்டரும் நுரையீரல் டாக்டரும் கலந்து பேசி, பிசோப்ரொலால் போன்ற ஒன்றை மிகக் குறைந்த அளவில், கண்காணிப்போடு ஆரம்பிப்பது உண்டு. அங்கே ஒரு பக்கத் தட்டில் உயிர் இருக்கிறது.

இந்த ஆசிரியையின் தட்டில் இருப்பது மைக்ரேன். அதற்கு மூச்சுக்குழாயைத் தொடாத மருந்துகளே இருக்கின்றன. அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் இரவில் கொடுக்கலாம். தூக்கமும் வாய் உலர்தலும் வரும். ஃப்ளுனாரிசின் கொடுக்கலாம், உடல் எடை கூடலாம், மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஆகாது. டோபிராமேட் கொடுக்கலாம், ஆனால் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும் என்பதால், 34 வயதுப் பெண்ணிடம் அதைப் பேசாமல் எழுதக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. ஆனால், இவருக்கு ப்ராப்ரனோலாலுக்கு இருக்கும் குறை இவற்றுக்கு இல்லை. மாற்று இருக்கும்போது நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதே சரியான விடை.

கண்ணில் விடும் ஒரு சொட்டு

இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றியும் கேட்பதுண்டு. 62 வயதுப் பெரியவர். ஆஸ்துமாவுக்கு ஒழுங்காக இன்ஹேலர் எடுப்பவர். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து ஆரம்பித்த சில நாள்களில் மூச்சுத்திணறல். 'கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போனது?' என்பது கேள்வி.

க்ளாக்கோமாவுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படும் டிமோலால், ப்ராப்ரனோலாலின் அதே வகை. கண்ணில் விட்ட சொட்டு கண்ணிலேயே நிற்பதில்லை. கண்ணீர் வடியும் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அங்குள்ள மெல்லிய சவ்வு அதை நேரடியாக ரத்தத்துக்குள் உறிஞ்சுகிறது. மாத்திரையாக விழுங்கியிருந்தால் முதலில் கல்லீரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்திருக்கும். மூக்கு வழியாகப் போனதற்கு அந்த வடிகட்டலும் இல்லை. டிமோலால் சொட்டால் ஆஸ்துமா முற்றி உயிரிழந்தவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு.

சொட்டு விட்டதும் கண்ணின் உள்முனையை, மூக்கோடு சேரும் இடத்தில், விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் மூக்குக்குள் இறங்குவது குறையும். ஆனால், ஆஸ்துமா உள்ளவருக்கு அது பாதுகாப்பு ஆகாது. லட்டனோப்ராஸ்ட் போன்ற வேறு வகைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. எனவே, கண் டாக்டரிடமும் ஆஸ்துமாவைச் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை; கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருந்தது

கேள்வியின் கடைசிப் பகுதியாக, 'இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?' என்று கேட்டால், விடை மருந்தியல் புத்தகத்தில் இல்லை. 'ஆஸ்துமா இருக்கா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வந்த பதிலில் இருக்கிறது.

நம் ஊரில் ஆஸ்துமாவுக்குப் பல பெயர்கள். வீசிங், இழுப்பு, ஈஸ்னோபீலியா, டஸ்ட் அலர்ஜி, 'குளிர்ல நெஞ்சு அடைக்கும்' என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். சொல்லப்படும் எல்லாமே ஆஸ்துமா அல்ல. ஆனால், எது ஆஸ்துமா என்பதை டாக்டர்தான் பிரிக்க வேண்டும். அதற்கு 'எப்போதாவது இன்ஹேலர் பயன்படுத்தியிருக்கீங்களா? சின்ன வயசுல நெபுலைசர் வெச்சிருக்காங்களா? ராத்திரி இருமல் எழுப்புமா?' என்று அவர் கேட்பது நல்லது. கேட்காவிட்டால், நோயாளி தானாகவே சொல்வது அதைவிட நல்லது.

மாத்திரை அட்டையையும் ஒருமுறை பார்க்கலாம். கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் உண்மையான பெயரும் அதில் இருக்கும். அது Propranolol, Metoprolol, Timolol என்பதுபோல -olol என்று முடிந்தால் பீட்டா தடுப்பான் குடும்பம் என்று கொள்ளலாம். Carvedilol போல -ilol என்று முடியும் சிலவும் இதே குடும்பம்தான். மைக்ரேனுக்கும் பதற்றத்துக்கும் விற்கப்படும் சில கூட்டு மாத்திரைகளில் இன்னொரு மருந்தோடு ப்ராப்ரனோலாலும் சேர்ந்திருக்கும். அட்டையின் முதல் பெயரோடு நிறுத்திவிட்டால் அது கண்ணில் படாது. 'இன்டர்வியூவுக்குப் போறியா, இதுல பாதி போட்டுக்கோ, கை நடுங்காது' என்று நண்பர் தரும் மாத்திரையும் பெரும்பாலும் இதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, இதயத்துக்காக நீண்ட நாளாக பீட்டா தடுப்பான் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பல நாள் அடைபட்டிருந்த இதயம் திடீரென்று விடுபட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம், மாரடைப்புகூட வரலாம். வீசிங்கும் இருக்கிறதென்றால், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மாற்றுவதா, டோஸைப் படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார். புதிதாக ஆரம்பித்த மாத்திரையோ சொட்டோ மூச்சை இறுக்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வியில் வந்த ஆசிரியைக்கு, விடிவதற்குள் மூச்சு சீராகிறது. காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அவரது கேஸ் ஷீட்டின் மேற்புறத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதுகிறார்: 'ஆஸ்துமா உண்டு. பீட்டா தடுப்பான் கூடாது.' அதையே ஒரு சீட்டிலும் எழுதி அவர் கையில் கொடுக்கிறார். இனி தலைவலிக்குப் போனாலும், கண்ணுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் அவர் முதலில் நீட்டவேண்டியது அந்தச் சீட்டைத்தான்.